W-8BEN கேட்டால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே லோகோ, பிராண்டிங் வேலை செய்கிறேன். அமெரிக்க கிளையன்ட் ஒருவர் 1,200 டாலர் தர வேண்டும். W-8BEN படிவம் தந்தால்தான் பணம் என்கிறார். கையெழுத்துப் போட்டால் 30% பிடித்துக்கொள்வார்களா? என் பில் ஸ்டூடியோ பெயரில் இருக்கிறது.

பதில்: பிடிக்கக் கூடாது. ஆனால் அதற்குக் காரணம் இந்தப் படிவம் மட்டுமல்ல. சேவைக் கட்டணத்தைப் பொறுத்தவரை, வேலை எங்கே உட்கார்ந்து செய்யப்பட்டது என்பதைத்தான் அமெரிக்க வரிச் சட்டம் பார்க்கும். நீங்கள் மதுரையில் இருந்தே செய்வதால் அது அமெரிக்க வருமானமே இல்லை; 30% பிடித்தத்துக்கு இடமில்லை. படிவம் சொல்வதெல்லாம் நீங்கள் அமெரிக்கர் இல்லை என்பதைத்தான். அதனால் பில்லிலேயே, வேலை முழுவதும் இந்தியாவில் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கிளையன்டின் கணக்காளர் தேடுவது அந்த வரியைத்தான்.

ஸ்டூடியோ பெயர் இருந்தாலும் நீங்கள் தனி உரிமையாளர் என்றால் W-8BEN தான் சரி. W-8BEN-E கம்பெனிகளுக்கானது. W-9 அனுப்பினால் தொடவே வேண்டாம், அது அமெரிக்கர்களுக்கானது. முதல் வரியில் பான் கார்டில் உள்ள உங்கள் பெயர், 3-ஆம் வரியில் வீட்டு முகவரி (தபால் பெட்டி எண் கூடாது), 6a-வில் பான் எண். 5-ஆம் வரி அமெரிக்க எண்ணுக்கானது, காலியாக விடுங்கள்.

பலர் சறுக்கும் இடம் 8-ஆம் வரி. பிறந்த தேதியில் மாதம்தான் முதலில் வரும். 1992 ஏப்ரல் 9-இல் பிறந்தவர் 04-09-1992 என்று எழுத வேண்டும். நம் வழக்கப்படி 09-04 என்று எழுதினால் செப்டம்பர் 4 ஆகிவிடும்; அடையாள அட்டையோடு ஒத்துப்போகாமல் பணம் நிற்கும். கையெழுத்துத் தேதிக்கும் இதே முறைதான்.

இரண்டாம் பகுதி இரு நாட்டு வரி ஒப்பந்தச் சலுகைக்கானது. உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. நாளைக்கே உங்கள் ஐகான் தொகுப்பை விற்காமல், அமெரிக்காவில் பயன்படுத்த லைசென்ஸ் கொடுத்து ராயல்டி வாங்கினால் கதை வேறு. அது அமெரிக்க வருமானம். அப்போது 9-ஆம் வரியில் இந்தியா, 10-இல் இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவு, 15% என்று கோர வேண்டும். விட்டுவிட்டால் 30% போய்விடும்.

நிரப்பியதை கிளையன்டிடம் கொடுங்கள், அமெரிக்க வரித்துறைக்கு அனுப்பக் கூடாது. 2025-இல் கையெழுத்திட்டது 2028 டிசம்பர் 31 வரை செல்லும். இடையில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தால் 30 நாளுக்குள் கிளையன்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம், இங்கே இந்த 1,200 டாலருக்கு வருமான வரிக் கணக்கில் வழக்கம்போல் இடம் கொடுத்துவிடுங்கள்.