பி.எம்.வி. எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஏர்கண்டிஷனிங் பாடத்தில், அறையில் இருப்பவர்களின் சூடு, குளிர் உணர்வைக் கணிக்கும் பி.எம்.வி. வருகிறது. ஆறு இன்புட் போட்டால் ஓர் எண் வருகிறது. அது எதைச் சொல்கிறது, அதை எவ்வளவு நம்பலாம்?

வகுப்பில் நான் இதை ஒரே ஓர் அறையை வைத்துத்தான் நடத்துவேன். காற்று 27 டிகிரி, சுவரும் கூரையும் அதே 27, ஈரப்பதம் 60 சதவீதம், காற்று வேகம் நொடிக்கு 0.1 மீட்டர். உள்ளே மெல்லிய பேன்ட், அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். உடையின் வெப்பத்தடைக்கு 0.5 க்ளோ, வேலையில் உடல் உண்டாக்கும் வெப்பத்துக்கு 1.2 மெட். ஆறும் வந்துவிட்டன. நான்கு அறையைப் பற்றியவை, இரண்டு ஆளைப் பற்றியவை.

இனி வரவு செலவு. 1.2 மெட் என்றால் உடலின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 70 வாட் உண்டாக்குகிறது. செலவில், தோல் வழியாகத் தானே கசியும் ஈரம் 9.5, வியர்வை 4.9, மூச்சு 5.1, கதிர்வீச்சும் வெப்பச்சலனமும் சேர்ந்து 35.8 வாட். மொத்தம் சுமார் 55. கையில் மிச்சம் 14.5 வாட். இதுதான் L.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்த 14.5 வாட் உடலில் தேங்கி அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று பொருள் இல்லை. அந்த வேலையைச் செய்யும்போது அவர் சௌகரியமாக இருந்திருந்தால் தோல் என்ன சூட்டில் இருக்கும், எவ்வளவு வியர்க்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட செலவுக் கணக்கு அது. நிஜத்தில் உடல் கூடுதலாக வியர்த்துச் சரிக்கட்டிவிடும். அப்படிச் சரிக்கட்ட வேண்டியிருப்பதைத்தான் நாம் புழுக்கமாக உணர்கிறோம். டென்மார்க்கின் ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட கணக்கு இந்த மிச்சத்தை −3 (குளிர்) முதல் +3 (வெக்கை) வரையான வாக்காக மாற்றுகிறது:

```
PMV = (0.303·e^(−0.036·M) + 0.028) · L
```

M என்பது ஒரு சதுர மீட்டர் உடல் உண்டாக்கும் அந்த 70 வாட். நம் அறையில் அடைப்புக்குள் இருப்பது 0.0525, விடை சுமார் 0.77. நிறையப் பேரிடம் கேட்டால் சராசரி வாக்கு 'கொஞ்சம் வெதுவெதுப்பு' பக்கம் போகும், அவ்வளவுதான். அதிருப்தி அடைவோரைச் சொல்லும் பி.பி.டி. இதற்கு 17 சதவீதம். பி.எம்.வி. பூஜ்யமாகவே இருந்தாலும் 5 சதவீதம் பேர் முகம் சுளிப்பார்கள், அது சூத்திரத்திலேயே இருக்கிறது.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். ஃபேனைப் போட்டுக் காற்றை 0.3 மீட்டருக்கு ஏற்றினால் 0.77 என்பது 0.44 ஆகிறது. இப்போது ஃபேனைத் தொடாதீர்கள். 'இவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்' என்று 1.2 மெட்டை 1.0 ஆக்குங்கள். விடை 0.43! ஒரு ஃபேன் செய்யும் வேலையை ஓர் ஊகம் செய்துவிடுகிறது. எங்கள் லேபில் இரண்டு குழுக்கள் ஒரே அறையை அளந்து, ஒன்று வெப்ப சௌகரியத்துக்கான ஐஎஸ்ஓ 7730 தரத்தின் ±0.5 எல்லைக்கு உள்ளேயும் மற்றது வெளியேயும் விடை கொண்டுவந்தன. தெர்மாமீட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். தப்பு அட்டவணையிலிருந்து எடுத்த மெட்டில் இருந்தது.

மெட், க்ளோ இரண்டையும் யாரும் அளப்பதில்லை, அட்டவணை பார்த்துத்தான் போடுகிறோம். மெத்தை வைத்த ஆபீஸ் நாற்காலியே சுமார் 0.1 க்ளோ சேர்க்கும், அதை யாரும் எழுதுவதில்லை. சுவர், கூரையின் கதிர்வீச்சு வெப்பநிலையைக் காற்று வெப்பநிலைக்குச் சமம் என்று போட்டுவிடுவது அடுத்த கோளாறு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மதியம் மூன்று மணிக்கு அது எப்படிச் சமமாகும்? கறுப்பு குளோப் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் எல்லைகள். ஐஎஸ்ஓ 7730 இந்தக் கணக்கை 10 முதல் 30 டிகிரி காற்றுக்கும், 1 மீட்டருக்கு மேற்படாத வேகத்துக்கும், 2700 பாஸ்கலுக்கு மேற்படாத நீராவி அழுத்தத்துக்கும் மட்டுமே சொல்கிறது. ஏசி இல்லாத சென்னை வகுப்பறையில் 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் நீராவி அழுத்தம் 3300 பாஸ்கலைத் தாண்டிவிடும். மென்பொருள் அப்போதும் ஓர் எண்ணைத் துப்பும். அதை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

அந்த மாதிரி அறைகளில், ஜன்னலைத் திறந்து ஃபேனோடு பழகியவர்கள் பி.எம்.வி. சொல்வதைவிட அதிக சூட்டைச் சகஜமாக ஏற்கிறார்கள். ஃபாங்கரும் டாஃப்டமும் 2002-இல் இதற்காகவே எதிர்பார்ப்புக் காரணி என்று 0.5 முதல் 1 வரை ஒரு பெருக்கியைச் சேர்த்தார்கள். எனக்கு அது ஒட்டுப்போட்ட வேலையாகவே படுகிறது. ஏசி இல்லாத கட்டடத்துக்கு ஐமேக் என்ற இந்தியத் தகவமைப்பு மாடலைத்தான் நான் எடுப்பேன். வெளி வெப்பநிலையின் பல நாள் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்டினால், சூடாகவும் குளிராகவும் தோன்றாத நடுநிலை வெப்பநிலை வரும். வெளியே 30 என்றால் உள்ளே 29. மெட்டும் க்ளோவும் ஊகிக்கவே வேண்டாம்.