பால் உப்பிசமும் முந்திரி வீக்கமும் ஒன்றல்ல

"டாக்டர், காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் என் 11 வயது மகன் கோழிக் குழம்பு சாப்பிட்டான். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, விடாமல் இருமினான். அலர்ஜி மாத்திரை கொடுத்தோம், இறங்கியது. வீட்டுக் கோழிக் குழம்பு ஒன்றும் செய்வதில்லை. பாயசத்து முந்திரியை மட்டும் 'வாய் அரிக்குது' என்று ஒதுக்குவான். எனக்கோ பால் குடித்தால் வயிறு உப்பிவிடுகிறது. 'குடும்பத்துக்கே அலர்ஜி, 200 உணவுக்கும் ரத்த டெஸ்ட் எடுங்க' என்கிறார் ஒரு லேப் ஆள். எடுக்கலாமா? இனி வெளியே சாப்பிடலாமா?"
- ஒரு தாய், தேவகோட்டை

அந்த டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள், அம்மா. 200 உணவு என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் டெஸ்ட். நாம் சாப்பிட்டுப் பழகிய உணவுகளுக்கு அது ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும். தினம் இட்லி தின்பவருக்கு ரிப்போர்ட்டில் உளுந்து சிவப்பில் வந்தால், அவர் உளுந்து சாப்பிடுகிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தச் சிவப்புப் பட்டியலை நம்பி பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தி, எடை குறைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை. கமிஷனுக்காக வீடு வீடாக இதை விற்பவர்களைக் கேட்பாரில்லை.

உங்களுக்கு இருப்பது ஒவ்வாமை அல்ல. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி உங்கள் சிறுகுடலில் குறைவாக இருக்கலாம். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைக்கின்றன, காற்று சேர்கிறது. இது அளவைப் பொறுத்தது. ஒரு டம்ளர் பால் உப்பும், காபியில் விட்ட பால் பேசாமல் இருக்கும். தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போதே கொஞ்சம் லாக்டோஸ் செலவாகிவிடுகிறது. அவதிதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

மகன் கதை வேறு. அவன் உடம்பு ஏதோ ஓர் உணவுப் புரதத்தை எதிரி என்று தவறாகப் பதிந்துவைத்து, அதற்கென்றே ஐஜிஇ என்ற புரதத்தைத் தயாரித்திருக்கிறது. தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களில் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்த உணவு வந்ததும் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும், வீக்கமும் அரிப்பும் அதனால்தான். பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கமும் தடிப்பும் வந்துவிடும். இங்கே அளவுக் கணக்கு உதவாது. குழம்பில் கரைந்த ஒரு கரண்டி விழுதே போதும்.

என் சந்தேகம் முந்திரி மேல். வீட்டில் நீங்கள் தேங்காய் அரைத்து ஊற்றியிருப்பீர்கள். மெஸ்ஸில் கெட்டியாக வர முந்திரியும் கசகசாவும் அரைத்திருப்பார்கள். அலர்ஜி மருத்துவரிடம் சொல்லி, சந்தேகப்படும் இந்த இரண்டு மூன்று பொருளுக்கு மட்டும் தோல் குத்துப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை முந்திரியோடு பிஸ்தாவும் வேண்டாம். இரண்டின் புரதமும் மிக ஒத்தவை.

தடிப்போடு இருமலும் வந்ததே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தோலைத் தாண்டி மூச்சுக்குழாயைத் தொட்டுவிட்டது. மாத்திரை தடிப்பை இறக்கும், அடைக்கும் மூச்சைத் திறக்காது. அதற்கு அட்ரினலின் ஊசிதான், தொடையின் வெளிப்பக்கத் தசையில். 30 கிலோ பையனுக்கு 0.3 மில்லிகிராம். சில வெளிநாடுகளில் பெற்றோர் கையிலேயே இருக்கும் ஊசிப் பேனா, இங்கே தேவைப்படும் தாய்க்கு எளிதில் கிடைப்பதில்லை. இதை எத்தனை முறை சொல்வது! மறுபடி இருமலோ குரல் மாற்றமோ தொடர் வாந்தியோ மயக்கமோ வந்தால், மாத்திரை பலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். படுக்கவையுங்கள், மூச்சுத் திணறினால் உட்காரட்டும், எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டபின் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருங்கள், அறிகுறி திரும்பி வருவதுண்டு.

ஒவ்வாமை போலவே வந்தாலும் ஒவ்வாமை அல்லாத ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மீன் விருந்துகளில் பலர் ஏமாறும் இடம் இது. ஐஸ் போடாமல் கிடந்த சூரை, அயிலை மீனில் கிருமிகளே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தடிக்கும், தலை வலிக்கும். அச்சு அசலாக ஒவ்வாமை போலவே இருக்கும். ஆனால் அன்று ஒரே பந்தியில் நாலைந்து பேருக்கு வந்திருக்கும். அதே மீனைப் புதிதாக வாங்கிச் சமைத்தால் யாருக்கும் வராது. அவர்களுக்கு மீன் ஒவ்வாமை என்று ஆயுள் முழுக்க மீனை நிறுத்தத் தேவையில்லை. மூச்சு முட்டினால் மட்டும் அங்கேயும் ஆஸ்பத்திரிதான்.

வெளியே சாப்பிடலாம், கேட்கும் விதத்தில் கேட்டால். "அலர்ஜி இருக்கு" என்றால் பரிமாறுபவர் காரத்தைக் குறைத்துத் தருவார். மாஸ்டரையே பார்த்து, "குழம்புக்கு முந்திரி அரைச்சிருக்கா, எல்லாத்துக்கும் ஒரே கிரேவியா?" என்று கேளுங்கள். "கொஞ்சமாத்தான்" என்று பதில் வந்தால் அந்தக் குழம்பு வேண்டாம். பொங்கலில் முந்திரியைப் பொறுக்கிப் போட்டால் போதாது, வறுத்த நெய் முழுக்க அது இருக்கிறது. பந்தியில் குருமா, கேசரி, கவுனி அரிசி மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வாமைப் பொருளை மெனுவில் குறிக்க வேண்டும் என்ற விதி மத்திய உரிமம் பெற்ற, அல்லது பத்து கிளைகளுக்குக் குறையாத உணவகங்களுக்குத்தான். நம் ஊர் மெஸ்ஸுக்கு அது இல்லை, ஆகவே கேட்கும் வேலை உங்கள் தலையில். இட்லிக்கு வரமிளகாய்ச் சட்னி கேளுங்கள். கெட்டிச் சட்னியில் முந்திரி சேர்க்கும் கடைகளும் உண்டு.