பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர்: சைக்கிளா, ஸ்கூட்டரா?

சைக்கிளும் ஸ்கூட்டரும் பழுது பார்க்கும் பட்டறையை நீண்ட காலமாக நடத்திவரும் ஒருவர், பெற்றோரின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை: மகன் பதினொன்றாம் வகுப்பு, வயது 16. பள்ளி 7 கிலோமீட்டர். அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் இருக்கிறது. ஆனால் ஸ்கூட்டர்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். 16 வயதில் 50 சிசி வரை ஓட்டலாம் என்று சட்டமே சொல்கிறதாமே?

சொல்கிறது, ஐயா. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் அந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் அந்த வண்டியைக் கடையில் தேடிப் பாருங்கள். பழைய 50 சிசி மொபெட்டுகளின் காலம் போய்விட்டது. இன்று மொபெட் என்று விற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியின் இன்ஜினே 99.7 சிசி. ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. ஆகவே உங்கள் மகன் கேட்கும் எந்த வண்டிக்கும் 18 வயதுக்கு முன் உரிமம் கிடைக்காது.

மீறிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. உங்கள் சம்மதத்துடன்தான் ஓட்டினான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பையனுக்கோ 25 வயது வரை உரிமமே கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வயதிலும் வண்டி ஓட்ட முடியாமல் நிற்பான். இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள். அபராதத்தைவிட இது அவனுக்கு உறைக்கும்.

இனி கணக்கைப் பார்ப்போம். சமதளத்தில் நல்ல நிலையில் உள்ள சைக்கிள் மணிக்கு 14 கிலோமீட்டர் போகும். அப்படியானால் பள்ளிக்கு அரை மணி நேரம். ஸ்கூட்டரில் நிறுத்தங்களையும் சேர்த்து கால் மணி நேரம். மிச்சமாவது போக வர அரை மணி நேரம். அதற்காகப் புது ஸ்கூட்டருக்கு ஒரு லட்சத்தை ஒட்டிச் செலவு. தினம் 14 கிலோமீட்டருக்கு மாதம் 700 ரூபாய் அளவுக்குப் பெட்ரோல். காப்பீடும் சர்வீஸும் தனி. சைக்கிளுக்கு டயர், ட்யூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்றினாலும் ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுவது அரிது.

திருச்சியிலிருந்து ஒருவர்: என் ஸ்கூட்டருக்கு முழுக் காப்பீடு இருக்கிறது, தவறாமல் புதுப்பித்து வருகிறேன். மகள் (17) ஓட்டி ஏதாவது நடந்தாலும் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும்தானே?

பாதி சரி. அடிபட்ட வெளியாளுக்கு இழப்பீடு தரும்படி தீர்ப்பாயம் பல வழக்குகளில் காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவிடும். ஆனால் ஓட்டியவரிடம் உரிமம் இல்லாததால், கொடுத்த தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதியும் சேர்ந்தே வரும். கடைசியில் அந்தப் பணம் உங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அடிபட்டவர் குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரர் என்றால் அது பல லட்சம். உங்கள் வண்டியின் சேதத்துக்கும் எதுவும் கிடைக்காது.

தஞ்சையிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு வயது 14, பள்ளி 6 கிலோமீட்டர். ஒரு வாரமாக முழங்கால் வலி என்கிறாள். சைக்கிளே வேண்டாம் என்கிறாள். அவளால் முடியாதோ என்று நினைக்கிறேன்.

அவளால் முடியும் அம்மா, சைக்கிளைச் சரிசெய்யுங்கள். என் பட்டறைக்கு இந்தக் குறையோடு வரும் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் சீட்டு தாழ்ந்திருக்கும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று பெற்றோர் இறக்கி வைத்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மடங்கியபடியே பாரத்தைத் தாங்குகிறது.

அவளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் கால் நேராக இருக்க வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பாள், அப்போது முழங்கால் லேசாக மடங்கும். நிற்கும்போது விரல் நுனி தரையைத் தொட்டால் போதும். பழக இரண்டு மூன்று நாள் ஆகும். சீட்டுக் குழாயில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தாதீர்கள். அதற்குமேல் போக வேண்டியிருந்தால் சைக்கிளே அவளுக்குச் சிறியது.

அடுத்து காற்று. பஞ்சர் இல்லாவிட்டாலும் ட்யூபிலிருந்து காற்று மெல்ல இறங்கும். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். வாரம் ஒருமுறை அந்த அளவுக்கு அடியுங்கள். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் பிரேக் கட்டையில் உரசினால் ரிம் கோட்டமாகியிருக்கிறது. கடையில் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்துத் தருவார்கள். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்குமேல் தொய்ந்தால் வழியில் கழன்றுவிடும். இவ்வளவும் சரியான பிறகும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புத்தகப் பை முதுகில் இருந்தால் அதைக் கேரியருக்கு மாற்றி இறுகக் கட்டுங்கள். ஹேண்டில்பாரில் எதையும் தொங்கவிடக் கூடாது. அது முன்சக்கரக் கம்பிக்குள் சிக்கினால் தலைகுப்புற விழ நேரிடும்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: நீங்கள் சைக்கிளே போதும் என்கிறீர்கள். நான்கு வழிச் சாலையில் பஸ் உரசிப் போகும்போது, வேகமாக விலகிப் போக முடியாத சைக்கிள்காரனுக்குத்தானே ஆபத்து அதிகம்? என் அண்ணன் மகன் அப்படித்தான் விழுந்தான்.

அந்தச் சாலையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் தினமும் சைக்கிள் ஓட்டிப் போகப் பிள்ளையை நானும் அனுப்ப மாட்டேன். ஆனால் அதற்கு விடை ஸ்கூட்டர் அல்ல. பஸ் மோதினால் இரண்டும் ஒன்றுதான். தானாக வழுக்கி விழுவதில்தான் வேறுபாடு. வேகம் மூன்று மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்காகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுவான். 45 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவனுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

முதலில் வழியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஊருக்குள் போகும் சாலையோ வாய்க்கால் கரைச் சாலையோ ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் அதுவே நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பிள்ளையோடு ஓட்டிப் போய்ப் பாருங்கள். நெடுஞ்சாலையைக் கடந்தே ஆக வேண்டுமென்றால், இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கட்டும்.

பிள்ளைகள் பயத்தில் தாரின் விளிம்பை ஒட்டியே ஓட்டுவார்கள். பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரல் பள்ளம் இருக்கும். சக்கரம் அதில் இறங்கிவிட்டால் உடனே மேலே ஏற்றப் பார்ப்பார்கள். சாய்வாக ஏற முயலும் சக்கரம் விளிம்பில் வழுக்கும், விழுவது சாலையின் பக்கமாக. உங்கள் அண்ணன் மகனும் இப்படி விழுந்தானா என்று கேட்டுப் பாருங்கள். விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே ஓட்ட வேண்டும். இறங்கிவிட்டால் மண்ணிலேயே நின்று, இறங்கி, தூக்கி வைக்க வேண்டும்.

இன்னொன்று மழை. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது. அலுமினிய ரிம் பரவாயில்லை. நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்தப் பழக்குங்கள்.

வேறு வழியே இல்லாத ஊர் என்றால் பஸ் நிறுத்தம் வரை சைக்கிள், அங்கிருந்து இலவச பஸ் பாஸ். நேரம் கூடும், உண்மைதான்.

கோவையிலிருந்து ஒரு தந்தை: மின்சார ஸ்கூட்டருக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம், எந்த வயதுப் பிள்ளையும் ஓட்டலாம் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

எல்லா மின்சார ஸ்கூட்டருக்கும் அது பொருந்தாது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருந்து, அப்படியென்று சோதனைச் சான்றும் பெற்ற வண்டிக்குத்தான் விதியில் விலக்கு. அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் பெயரும் வண்டியில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். வேகமுள் 40 காட்டினால் அது மோட்டார் வாகனம்தான், நம்பர் பிளேட் இல்லாவிட்டாலும். சில கடைகளில் ஒரு ஒயரைப் பிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டித் தருகிறார்கள். விபத்து என்று வந்தால் முன்பு சொன்ன 199ஏ உங்கள்மேல் பாயும்.

சான்று சரியாக இருந்தால், நெரிசல் இல்லாத சாலையில் 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கவசம் வேண்டும். பின்னால் ஒருவரை ஏற்றினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், அதையும் அனுமதிக்காதீர்கள். பேட்டரி மாற்றும் செலவை முன்கூட்டியே விசாரித்துவிட்டு விலையைக் கணக்கிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: என் மகன் 19 வயது, கல்லூரி 22 கிலோமீட்டர். மைலேஜ் நன்றாகத் தரும் பைக் எது?

இங்கே பேசுவது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி, அண்ணா. 22 கிலோமீட்டருக்குக் கல்லூரிப் பேருந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பைக்தான் என்றால் உரிமம் எடுத்த பிறகு 100 சிசி போதும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தாய்: பள்ளிக்குச் சைக்கிள் சரி. மகளுக்கு மாலையில் டியூஷன் முடிய எட்டரை ஆகிறது. 5 கிலோமீட்டர், பாதி தூரம் தெருவிளக்கு இல்லை. அதற்காகத்தான் ஸ்கூட்டி வாங்கலாம் என்கிறார் என் கணவர்.

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை, அம்மா. ஸ்கூட்டியில் அந்த இருட்டை விரைவாகக் கடந்துவிடலாம் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாடு படுத்திருக்கும் சாலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளை 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதை நினைத்தால் அதற்கும் மனம் ஒப்பவில்லை. டியூஷன் நேரத்தை முன்னே மாற்றக் கேட்கலாம். அதே வழியில் வரும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரலாம். வாரத்தில் சில நாள் கணவர் எதிரே போய் அழைத்து வரலாம். எது நடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சைக்கிளில்தான் வருவாள் என்றால் டைனமோவை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண டைனமோவில் வண்டி நின்றதும் விளக்கு அணைந்துவிடும். சாலையைக் கடக்கக் காத்திருக்கும் நேரத்தில்தான் அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்னால் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைச் சீட்டுக் குழாயில் மாட்டுங்கள். கேரியரில் மாட்டினால் புத்தகப் பை மறைத்துவிடும். மட்கார்டிலும் பெடலிலும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். பெடல் மேலும் கீழும் போவதால் பின்னால் வரும் ஓட்டுநருக்கு அது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.