பை கிழிந்தது சரி, எழுத்தில் எப்போது சொன்னீர்கள்?

கேள்வி: ஆரணியில் அரிசி ஆலை நடத்துகிறேன். பத்து வருடமாக ஒரே சாக்கு மில்லில்தான் பை வாங்குகிறோம். இந்த முறை 26 கிலோ அச்சுப் பை 40,000 வேண்டும், "போன முறை மாதிரியே, 70 கிராம்" என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டேன். பை 18 ரூபாய், 2 லட்சம் அட்வான்ஸ். நிரப்பி அனுப்பிய லோடில் அடித்தையல் பிய்ந்து லாரியிலேயே அரிசி கொட்டியது. வியாபாரிகள் முன்னால் தலைகுனிந்து நின்றேன். பை வந்த 12ஆம் நாள் போட்டோ அனுப்பி, "இப்படிப் பை அனுப்பினா எப்படிண்ணே" என்று கேட்டேன். "அடுத்த லோடுல சரி பண்ணிக்கலாம்" என்று பதில் போட்டார். வேறு பை இல்லாததால் அப்புறமும் கொஞ்சம் நிரப்பினோம். மொத்தம் 11,000 பை போயிருக்கும். அச்சு நிறமும் மங்கல். சில கட்டுகளில் பழைய 25 கிலோ அச்சு. இப்போது மீதிப் பணத்துக்கு வட்டியோடு குறு சிறு தொழில் கவுன்சிலில் கேஸ் போட்டிருக்கிறார். பழகிய ஆளே இப்படி ஏமாற்றினால் போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். "சிவில் விவகாரம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். சரக்கு மட்டமாக வந்தது என்பதற்காக அது மோசடி ஆகிவிடாது. ஆர்டர் எடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும், உங்களிடம் அதற்கு எதுவும் இல்லை. பத்து வருடப் பழக்கம், வியாபாரிகள் பேசிய பேச்சு, அச்சின் நிறம் மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். நிற மாதிரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் ஒழிய, மங்கல் என்று வாதாடி ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது.

உங்கள் கேஸே அந்த 12ஆம் நாள் மெசேஜ்தான். மில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால் 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டம், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பொருந்தும். சரக்கு வந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பணம் தர வேண்டிய கெடுவும் அங்கிருந்தே ஓடும்: எழுத்தில் தேதி பேசியிருந்தால் அந்தத் தேதி, அதுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது; பேசவில்லை என்றால் 15 நாள்தான். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. 15 நாளுக்குள் எழுதிவிட்டால், அந்தக் குறையை மில் தீர்த்து வைக்கும் நாள்தான் ஏற்பு நாள். போனில் கத்தியதெல்லாம் இதில் சேராது. வாட்ஸ்அப் எழுத்துதான். நீங்கள் அனுப்பியது ஆட்சேபம் என்றும், "சரி பண்ணிக்கலாம்" என்ற பதில் குறையை ஒப்புக்கொண்டது என்றும் நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வக்கீல், "அது வருத்தம், நிராகரிப்பு இல்லை, பையை ஏற்கமாட்டேன் என்று எங்கே எழுதியிருக்கிறார்?" என்பார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், அந்தப் போனை மாற்றவும் வேண்டாம். பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்த குழியை நீங்களே தோண்டிவிட்டீர்கள். ஆட்சேபம் சொன்ன பிறகும் பையை நிரப்பி விற்றது, சரக்கு விற்பனைச் சட்டம் 42ஆம் பிரிவின்படி ஏற்றுக்கொண்டதற்குச் சமம். ஒரே ஆர்டர் என்பதால், ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு மீதியைத் திருப்பும் உரிமையும் 13ஆம் பிரிவில் அடிபடும். விலையைக் குறைக்கச் சொல்லலாம், நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். "வேறு பை இல்லை" என்று சொல்லும் கட்சிக்காரர்கள் எல்லோரும் விழுவது இங்கேதான். நிரப்பியே ஆக வேண்டும் என்றால், "ஆட்சேபத்தை விட்டுக்கொடுக்காமல், நஷ்டத்தைக் குறைப்பதற்காக மட்டும் பயன்படுத்துகிறோம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு நிரப்பியிருக்க வேண்டும். இப்போது மீதி 29,000 பையில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள்.

சரி, பையில் என்ன குறை என்று எப்படி நிரூபிப்பீர்கள்? உங்கள் ஆர்டரில் இருப்பது "70 கிராம்", "போன முறை மாதிரியே" இரண்டும்தான். போன முறைப் பை ஒன்றாவது இருவரும் கையெழுத்திட்டு சீல் வைத்ததாக இருக்கிறதா? இல்லையென்றால் எந்த மாதிரி என்பதே சர்ச்சையாகிவிடும். எடையை வைத்தும் பிடிக்க முடியாது. தராசில் வைத்தால் அவர் அனுப்பிய பையும் 68, 70 கிராம் காட்டத்தான் செய்யும்.

பிஓபிபி எனப்படும் இந்தப் பிளாஸ்டிக் அச்சுப் பையின் எடை மூன்று இடத்திலிருந்து வருகிறது: நெய்த துணி, மேலே ஒட்டிய அச்சு பிலிம், இரண்டையும் ஒட்ட ஊற்றும் லேமினேஷன் பூச்சு. பையைத் தாங்குவது துணி மட்டும்தான். 18க்கு 30 அங்குலப் பையில் இரு பக்கமும் சேர்த்து முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான துணி போகிறது. 750 டெனியர் பருமனுள்ள பிளாஸ்டிக் நாடாவை அங்குலத்துக்கு 10க்கு 10 நெய்தால் துணி 65 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 65 கிராமுக்கு, சற்று மேல் வரும். அதே நாடாவை 8க்கு 8 நெய்தால் 52தான். பைக்கு 9 கிராம் துணி குறைந்துவிட்டது. அதைப் பூச்சைத் தடித்தோ, நாடாவில் கால்சியம் மாவைக் கலந்தோ ஈடு கட்டினால் தராசு ஒன்றும் சொல்லாது. தையல்தான் சொல்லும். நெசவு இடைவெளி விட்டால் நூலைத் தாண்டி நாடா உருவிக்கொண்டு வரும், பாரம் மொத்தமும் அடியில் இறங்கும்போது வாய் பிளக்கும்.

ஒரு பையை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை நாடா என்று குறுக்கும் நெடுக்கும் எண்ணுங்கள். கிழிந்த பைகளில், நூல் அறுந்திருக்கிறதா, நூல் அப்படியே இருக்க நாடா உருவியிருக்கிறதா, தையல் துளை வரிசையில் துணியே கிழிந்திருக்கிறதா என்று பிரித்து வையுங்கள். ஏனென்றால் மில் முதலில் சொல்லப்போவது, "லோடுமேன் கொக்கி போட்டு இழுத்திருப்பான்" என்பதுதான். கொக்கி விழுந்த ஓட்டை பையின் உடம்பில் இருக்கும், அடித்தையலில் இருக்காது. வாய் பக்கம் பிய்ந்த பைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தத் தையல் உங்கள் ஆலையில் போட்டது.

அப்புறம், நிரப்பாத பைகளில் பல கட்டுகளிலிருந்து சிலவற்றை எடுத்து, மில் ஆளை வரச் சொல்லி, வராவிட்டால் வரச் சொன்னதற்கு ஆதாரம் வைத்துக்கொண்டு, சீல் போட்டு, பிளாஸ்டிக்கைச் சோதித்துத் தரும் கிண்டி சிப்பெட் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மொத்த எடை மட்டும் கேட்காதீர்கள். துணியின் ஜிஎஸ்எம் தனி, பூச்சு தனி, நாடாவின் டெனியர், தையலின் பலம், எரித்தால் மிஞ்சும் சாம்பல் எல்லாம் கேளுங்கள். சாம்பல் அதிகம் என்றால் மாவு கலந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று. புரட்டி எண்ணினாலே தெரியும் குறை என்றால், "வந்த அன்றே பார்த்திருக்கலாமே" என்ற கேள்வியும் வரும். மாவு கலப்பு அப்படியில்லை, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சாம்பல் ரிப்போர்ட் உங்களுக்கு அதிகம் உதவும்.

பழைய 25 கிலோ அச்சு உள்ள கட்டுகளை இன்றே தனியாக அடுக்கிப் போட்டோ எடுத்து, எண்ணிக்கையோடு மில்லுக்கு எழுதுங்கள். அவற்றில் அரிசி போட்டுவிடாதீர்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையிலான லேபிள் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்பதால்தானே 26 கிலோவுக்குப் போனீர்கள்? பையில் 25 என்று இருந்தால் வரித்துறையும் எடையளவுத் துறையும் கேள்வி கேட்பது பேக் செய்த உங்களைத்தான், அச்சடித்த மில்லை இல்லை. திருப்பி அனுப்பும்போதும் கவனம். உங்கள் பிராண்ட் அச்சிட்ட பை பழைய சாக்குக் கடைக்குப் போய், வேறு எவர் அரிசியோ உங்கள் பெயரில் சந்தைக்கு வரும். அடியை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கவுன்சிலுக்கு வருவோம். மில்லின் உத்யம் பதிவு, அதாவது குறு சிறு நிறுவனப் பதிவு, என்ன தேதி, உங்களுக்கு சரக்கு அனுப்பும் முன்பே இருந்ததா, குறு சிறு வரம்புக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அங்கேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம், உச்ச நீதிமன்றம் 2021இல் அதை ஒப்புக்கொண்டுவிட்டது. அங்கே தோற்றால் மேலே போவது சுலபமில்லை. தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் ரத்து மனுவே போட முடியும். இந்த இடத்தில் மூச்சு நின்றுபோன ஆலைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜெயித்தாலும் எவ்வளவு? நஷ்டம் என்பது சொன்ன பைக்கும் வந்த பைக்கும் உள்ள மதிப்பு வித்தியாசம். பிளாஸ்டிக்கைக் கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 9 கிராமுக்கு 90 காசு, அதாவது 40,000 பைக்கு 36,000 ரூபாய் என்று மில் வக்கீல் கணக்குப் போடுவார். லாரியில் ஏற்ற முடியாத பைக்கு மதிப்பே இல்லை, 29,000 பைக்கு 5,22,000 கழியுங்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். கொட்டிய அரிசிக்கு, வியாபாரி பில்லில் கழித்த ஆதாரம் இருந்தால் கிடைக்கும். கைவிட்டுப் போன வாடிக்கையாளர்களுக்காக ஈடு கிடைக்காது. தீர்ப்பு இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கேயோ விழும், அதுவரை வட்டி உங்கள் தலையில்தான் ஏறும்.

ஆகவே பேசி முடியுங்கள். வரி நீங்கலாகப் பாக்கி 5,20,000. சாம்பல் ரிப்போர்ட் கையில் வந்ததும், 25 கிலோ அச்சுக் கட்டுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மீதியில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லட்சம் வரை கழித்துத் தருவதாகச் சொல்லுங்கள். பேசி முடிந்த பிறகு அந்த மீதிப் பையை வைத்துக்கொண்டு கிட்டத்து ஊர்க் கடைகளுக்கு மட்டும் அனுப்புங்கள். வட்டி கிடையாது, கேஸ் வாபஸ், கழித்த தொகைக்குக் கிரெடிட் நோட் என மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மில்லுக்கும் இது லாபம்தான். உங்கள் பெயர் அச்சிட்ட பையை வேறு யாரும் வாங்கப்போவதில்லை.

அடுத்த ஆர்டர் வாட்ஸ்அப்பிலேயே போகட்டும், ஆனால் இப்படி: அளவு, துணி ஜிஎஸ்எம், அங்குலத்துக்கு எத்தனை நாடா என்ற மெஷ், டெனியர், பூச்சு எடை தனி, மாவுக் கலப்புக்கு வரம்பு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூடலாம் குறையலாம். அடி இரட்டை மடிப்பு, இரட்டைத் தையல், 10 சென்டிமீட்டருக்கு எத்தனை தையல். 26 கிலோ நிரப்பி எந்த உயரத்திலிருந்து எத்தனை முறை போட்டால் பிய்யக் கூடாது. அச்சு நகலில் இரு தரப்புக் கையெழுத்து. அவர் "ஓகே" என்று பதில் போட்ட பிறகு அட்வான்ஸ் அனுப்புங்கள்.

அதுவரை மில்காரருக்கு, "பணம் தந்துடறேன், கொஞ்சம் டைம் கொடுங்கண்ணே" என்று ஒரு மெசேஜும் போகக் கூடாது. ஏற்கெனவே போயிருந்தால், வக்கீலைப் பார்க்கும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.