மா ஹுவாங் காப்ஸ்யூல் போட்டால் நெஞ்சு படபடப்பது ஏன்?

கேள்வி: உடம்பு இளைக்க ஆன்லைனில் ஒரு மூலிகை காப்ஸ்யூல் வாங்கினேன். லேபிளில் 'மா ஹுவாங், 20 மில்லிகிராம்' என்றும், கூடவே காஃபின் என்றும் இருக்கிறது. ஒன்று போட்டு ஒரு மணி நேரத்தில் நெஞ்சு படபடத்தது. பிரஷர் 126/80-லிருந்து 148/92 ஆனது. செடிதானே, பழகினால் சரியாகிவிடுமா?

பதில்: இனி அதைப் போடாதீர்கள். மா ஹுவாங் என்பது எஃபெட்ரா செடியின் சீனப் பெயர். அதிலுள்ள எஃபெட்ரின்தான் உங்கள் நெஞ்சைப் படபடக்க வைத்தது.

நரம்பு முனைகளில் நார்எபிநெஃப்ரின் என்ற பொருள் சின்னச் சின்னப் பைகளில் சேமிப்பாக இருக்கும். ஓடவோ பயப்படவோ நேர்ந்தால் கொஞ்சமாக வெளியே வரும். எஃபெட்ரின் நரம்பு முனைக்குள் புகுந்து, காரணமே இல்லாமல் அந்தச் சேமிப்பை வெளியே தள்ளிவிடுகிறது. வெளியே வந்தது ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, இதயத்தையும் வேகமாக, பலமாக அடிக்க வைக்கிறது. எஃபெட்ரினும் தன் பங்குக்கு நேரடியாகவே இதயத்தைத் தூண்டும். சாதாரணமாகப் பிரஷர் ஏறினால் நாடித்துடிப்பை உடம்பே கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கும். இங்கே இதயத்துக்கும் தூண்டல் போவதால் அந்தச் சமாளிப்பு எடுபடுவதில்லை, இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. காஃபின் அதை இன்னும் தூக்கிவிடும். காப்ஸ்யூல் போட்ட கையோடு காபியும் குடித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

முதுகில் ஊசி போட்டு மரக்க வைக்கும்போது பிரஷர் இறங்கினால், மயக்க மருந்து டாக்டர்கள் இதே எஃபெட்ரினை 5, 10 மில்லிகிராமாக ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். மானிட்டரைப் பார்த்துக்கொண்டேதான் ஏற்றுவார்கள்.

அப்புறம், பழகும் விஷயம். திரும்பத் திரும்பப் போட்டால் படபடப்பு குறையலாம்தான். சேமிப்பு தீர்ந்துகொண்டே வருவது அதற்கு ஒரு காரணம். 'இப்போது ஒன்றும் செய்யவில்லையே' என்று இரண்டு, மூன்றாக ஏற்றுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நேரடித் தூண்டல் அதற்குள் நின்றுவிடுவதில்லை.

லேபிளில் உள்ள 20-ஐயும் நான் நம்ப மாட்டேன். அமெரிக்காவில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் 20 எஃபெட்ரா தயாரிப்புகளைச் சோதித்தார்கள். பாதித் தயாரிப்புகளில் லேபிளில் சொன்ன அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். 2003-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் வெப்பத் தாக்கால் இறந்தபோது, அவர் எடுத்திருந்த எஃபெட்ராவும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அடுத்த வருடம், 2004 ஏப்ரலில், எஃபெட்ரின் கொண்ட உணவுத் துணைப்பொருட்களின் விற்பனையை அங்கே தடை செய்தார்கள்.

உடம்பில் போனதில் பாதி வெளியேறவே சுமார் 6 மணி நேரம் பிடிக்கலாம். அதுவரை காபி, ஜிம், மூக்கடைப்பு மாத்திரை மூன்றும் வேண்டாம். நெஞ்சுவலி, பயங்கரத் தலைவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது இதில் எது வந்தாலும் பாட்டிலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மனச்சோர்வுக்கு எம்ஏஓ தடுப்பான் வகை மாத்திரை எடுப்பவர் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் இப்போதே டாக்டரிடம் பேசுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது லேபிளின் படமும் பேட்ச் எண்ணும் வேண்டும், பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.