பேப்பர் கிளிப்பில் பாஸ், கேமில் ஃபெயில்

“கல்முனையில் இருக்கிறேன். பேப்பர் கிளிப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, மஞ்சள் வயரில் 12.1 வருகிறது. ஆனால் கேம் திறந்ததும் கொம்பியூட்டர் அணைந்துவிடுகிறது. பவர் சப்ளை நல்லதுதானே?”

அப்படிச் சொல்லிவிட முடியாது. பச்சை வயரையும் கறுப்பையும் கிளிப்பால் இணைத்தால் பவர் சப்ளை ஓன் ஆகும், அவ்வளவுதான். உங்களுக்கு வந்த 12.1 சுமையே இல்லாதபோது எடுத்த அளவு. கேமில் கிராஃபிக்ஸ் கார்ட் இழுக்கும் கரண்டை அது தாங்குமா என்பது அதில் தெரியாது.

கிளிப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி மாட்டுங்கள். மீட்டரை டிசி 20 வோல்டில் வைத்து, சும்மா தொங்கும் மோலெக்ஸ் கனெக்டரில் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை மஞ்சளிலும் குத்துங்கள். இரண்டு முனையும் ஒன்றோடொன்று முட்டவே கூடாது, கவனம். இப்போது கேமைத் திறந்து பாருங்கள். 11.4க்குக் கீழே இறங்கினால் பவர் சப்ளைதான் தாங்கவில்லை.

12ஐ ஒட்டி நின்றபடியே அணைந்தாலும் அது தப்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். கண நேரத்தில் விழுந்து எழும் வோல்டேஜை சாதாரண மீட்டர் பிடிக்காது. டிசியில் கலந்து வரும் அலையும் அதில் தெரியாது. அப்போது தேவையான வாட்ஸ் உள்ள நல்ல பவர் சப்ளை ஒன்றைக் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, அதனுடைய வயர்களோடேயே மாட்டிப் பாருங்கள். அதிலும் அணைந்தால் சிபியூ சூட்டைப் பாருங்கள். பழையதைத் திறக்க மட்டும் வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பின்பும் உள்ளே கபாசிட்டரில் ஆபத்தான வோல்டேஜ் இருக்கும்.