மையம் விலகிய வட்டங்கள்: சைரன் சுருதி பற்றி ஒரு கேள்வி பதில்

கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் நடத்துகிறேன். நகரும் வண்டியின் சைரன் சுருதி ஏன் மாறிக் கேட்கிறது என்று காட்டுகிற டாப்ளர் படத்தைப் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, புத்தகத்தில் ஆம்புலன்ஸைச் சுற்றி கோணல்மாணலாக வட்டங்கள் போட்டிருக்கிறார்கள். அது வண்டிக்கு முன்னால் நெருக்கமாகவும் பின்னால் அகலமாகவும் இருக்கிறது. அதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வது? (பத்தாம் வகுப்பு மாணவர்)

பார்த்தால் புரியாது தம்பி, வரைந்தால் புரியும். காம்பஸை எடு. ஒரு கோடு போட்டு, வலது ஓரத்தில் ஒரு புள்ளி வை. வண்டி இப்போது நிற்கிற இடம் அது. அங்கிருந்து இடப்பக்கம் 4 மி.மீ. தள்ளி ஒரு மையம், அதில் 10 மி.மீ. ஆரத்தில் வட்டம். இன்னும் 4 மி.மீ. தள்ளி அடுத்த மையம், ஆரம் 20. அடுத்தது 30, அப்புறம் 40. போதும்.

இதில் ஒவ்வொரு வட்டமும் சைரன் விட்ட ஒலி அலையின் ஒரு முகடு. அது கிளம்பிய நேரத்தில் வண்டி எங்கே இருந்ததோ அதுதான் அந்த வட்டத்தின் மையம். வண்டி நகர்ந்துவிட்டது, மையம் நகரவில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பெரிய வட்டம் பழைய முகடு, சின்னது புதியது. எல்லாம் ஒரே நொடியில் எடுத்த புகைப்படம் போல ஒன்றாகத் தெரிகின்றன, ஆனால் கிளம்பிய நேரம் வேறு வேறு.

இப்போது ஸ்கேல் வைத்து அள. வண்டிக்கு முன்னால் இரண்டு வட்டங்களுக்கு இடையே 6 மி.மீ. இருக்கும், பின்னால் 14. நின்ற வண்டியாக இருந்தால் எல்லாப் பக்கமும் 10. காற்றில் முகடுகள் போகிற வேகம் எல்லாத் திசையிலும் ஒன்றுதான். ஆகவே இடைவெளி குறைந்த பக்கம் நிற்பவர் காதில் நொடிக்கு அதிக முகடுகள் வந்து மோதும், சுருதி ஏறிக் கேட்கும். பின்னால் நிற்பவருக்குக் குறைந்து கேட்கும்.

நெருக்கமான கோடு என்றால் சத்தம் அதிகம் என்றுதானே மேடம் அர்த்தம்? வண்டி கிட்ட வர வர சுருதியும் ஏறிக்கொண்டே போகும் என்று என் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். (ஒரு அம்மா)

இரண்டும் இல்லை. பெரும்பாலானோர் சறுக்குகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சத்தம் எவ்வளவு என்பதை இந்தப் படம் சொல்லவே இல்லை. கோடுகளின் இடைவெளி அலைநீளம், அவ்வளவுதான். தூரம் போகப் போக முகடு பலவீனமாகிறது, ஆனால் படத்தில் எல்லா வட்டத்தையும் ஒரே தடிமனில்தான் வரைகிறோம்.

இரண்டாவதற்கு, மேலே வரைந்த படத்தில் முன்பக்க இடைவெளிகளை வரிசையாக அளந்து பாருங்கள்: 6, 6, 6. வண்டிக்கு ஒட்டியும் 6, தூரத்திலும் 6. சீரான வேகத்தில் நேராக உங்களை நோக்கி வரும் வண்டியின் சுருதி ஏறிக்கொண்டே போவதில்லை. ஆரம்பத்திலிருந்தே ஏறிய நிலையில் ஒரே இடத்தில் நிற்கும், கடக்கும்போது இறங்கும். வழியில் எங்கும் ஏற்றமே கிடையாது.

ஆனாலும் ஏறுவது போலக் கேட்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தம் வலுக்கும்போது சுருதியும் ஏறுவதாக நம் மனம் கணக்குப் போடுகிறது. 1996இல் நியூஹாஃப், மெக்பீத் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, டாப்ளர் மாயை என்றே பெயர் வைத்தார்கள். கூடவே இன்னொரு குழப்பம்: ஆம்புலன்ஸ் சைரன் தானாகவே ஏறி இறங்கி ஊளையிடும். வண்டி நின்றாலும் அது ஏறி இறங்கும். பையனுக்குக் காட்ட, ஒரே சுருதியில் நீளமாக அடிக்கிற லாரி ஹாரனோ ரயில் ஹாரனோதான் சரி.

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்? வண்டி நம்மை நோக்கி வந்தால் ஒலியின் வேகத்தோடு வண்டி வேகமும் சேரும். வேகமாக வந்து மோதுகிறது, அதனால் சுருதி கூடுகிறது. கதை முடிந்தது. (மெக்கானிக்கல் இன்ஜினியர்)

கதை பாதியில் நிற்கிறது சார். நீங்கள் சொல்வதைப் படமாக வரைந்து பாருங்கள். வண்டி வேகம் ஒலியோடு சேர்ந்தால், ஒவ்வொரு வட்டத்தின் மையமும் வண்டியோடு கூடவே நகர்ந்தாக வேண்டும். அப்போது எல்லா வட்டமும் வண்டியை மையமாகக் கொண்டே இருக்கும், முன்னும் பின்னும் இடைவெளி ஒன்றுதான். மையம் விலகிய படமே கிடைக்காது. முகடு சைரனை விட்டுக் கிளம்பியதும் அது காற்றின் சொத்து. காற்று தனக்குத் தெரிந்த வேகத்தில்தான் அதைக் கொண்டுபோகும், 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர்.

பாதி சரி என்று சொல்லக் காரணம், உங்கள் கணக்கு இன்னொரு நிலைமைக்கு அப்படியே பொருந்தும். சைரன் நிற்கிறது, நீங்கள் பைக்கில் அதை நோக்கிப் போகிறீர்கள். வட்டங்கள் ஒரே மையத்தில் இருக்கும், நீங்கள்தான் அவற்றை வேகமாக வெட்டிக் கடக்கிறீர்கள்.

சரி, விடை எவ்வளவு மாறும்? 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது என்று நினைக்கிறேன். (அதே இன்ஜினியர்)

வராது, அது உண்மை. 700 ஹெர்ட்ஸ் ஹாரன், மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் என்று வையுங்கள். வண்டி வந்தால் 700 × 343 ÷ 323, சுமார் 743. நீங்கள் போனால் 700 × 363 ÷ 343, சுமார் 741. காதுக்குப் பிடிபடாது. ஒலியின் பாதி வேகத்தில் பாருங்கள்: வண்டி வந்தால் சுருதி இரண்டு மடங்கு, நீங்கள் போனால் ஒன்றரை மடங்குதான்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. மேலே தம்பிக்கு வரையச் சொன்ன படத்தில் மையம் 4 நகர்ந்தால் ஆரம் 10 வளர்கிறது. அப்படியானால் வண்டி ஒலியின் வேகத்தில் 0.4 பங்கு போகிறது, மணிக்கு 490 கிலோமீட்டருக்கு மேல்! புத்தகங்களில் வரைகிற ஆம்புலன்ஸ் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் பறக்கிறது. நிஜ வேகத்தில் வரைந்தால் மையம் 0.6 மி.மீ.தான் நகரும். முன்னால் 9.4, பின்னால் 10.6. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான் மிகைப்படுத்துகிறார்கள்.

அவ்வளவு சின்ன வித்தியாசம் என்றால் காதுக்கு மட்டும் எப்படித் தெளிவாகத் தெரிகிறது? நான் வயலின் வாசிப்பவள், எனக்கு அது ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்குவது போலவே கேட்கும்.

உங்கள் காதுக்கு ஒரு சபாஷ். வரும்போது 743, போகும்போது 700 × 343 ÷ 363, சுமார் 661. விகிதம் 1.124. சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் சட்ஜத்துக்கும் உள்ள விகிதம் 9/8, அதாவது 1.125. இந்த வேகத்தில் கிட்டத்தட்ட அதேதான். மெதுவான வண்டி என்றால் சுத்த ரிஷபத்தோடு நின்றுவிடும். கண் ஒரு மி.மீ.யை விட்டுவிடும், காது அரை ஸ்வரத்தை விடாது.

முதல் சோதனையே இசைக்காரர்களை வைத்துத்தான் நடந்தது. இயற்பியலாளர் டாப்ளர் 1842இல் பிராகில் இதைச் சொன்னபோது அவர் மனதில் இருந்தது இரட்டை நட்சத்திரங்களின் நிறம். 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற ஆய்வாளர் ரயிலில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஊதவைத்து, தண்டவாளத்தின் ஓரம் நல்ல செவிஞானம் உள்ளவர்களை நிறுத்திச் சுருதியைக் குறிக்கச் சொன்னார்.

எங்கள் வீடு நாலாவது மாடி, ரோடு 50 மீட்டர் தள்ளி. அங்கே சுருதி டக்கென்று விழுவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. படத்தில் அது எங்கே இருக்கிறது?

படத்தின் பக்கவாட்டில். வண்டி பாதைக்கு மேலே ஒரு புள்ளி வைத்து, அங்கே வட்டங்களின் இடைவெளியை அளந்தால் 6க்கும் 14க்கும் நடுவே ஏதோ ஒன்று வரும். வண்டி கடக்கக் கடக்க நீங்கள் படத்தில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு நகர்கிறீர்கள், இடைவெளி மெல்ல விரிகிறது. ரோட்டிலிருந்து 5 மீட்டரில் நின்றால், சாய்கோணம் 45 டிகிரியிலிருந்து மறுபக்கம் 45 டிகிரிக்கு மாற, வண்டி 10 மீட்டர் போனால் போதும். நம் 72 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி. உங்கள் மாடியில் அதே மாற்றத்துக்கு 100 மீட்டர், 5 நொடி. மொத்த இறக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றே.

கோணத்தை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் புள்ளியிலிருந்து கோடு போட வேண்டியது வண்டிக்கு அல்ல, உங்களைத் தொடுகிற வட்டத்தின் மையத்துக்கு. ஹாரனின் அசல் சுருதி உங்கள் காதில் விழும் நேரத்தில் வண்டி உங்களுக்கு நேர் எதிரே இருக்காது, சுமார் 3 மீட்டர் தாண்டியிருக்கும்.

மேடம், ரயில்வே கேட்டில் நின்று ஹாரனை போனில் பதிவு செய்தேன். நேரம் போகப் போக சுருதி மாறுவதைக் கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் வரும்போது 395 ஹெர்ட்ஸ், போனபின் 340. சராசரி 367.5தான் அசல் சுருதி என்று எடுத்துக்கொண்டேன். வேகம் கண்டுபிடிக்க முடியுமா?

படத்தில் செய்ததையே செய்யலாம். பின் இடைவெளியிலிருந்து முன் இடைவெளியைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வேகப் பங்கு கிடைக்கும்: 8 ÷ 20 = 0.4. சுருதிகளிலும் அதே கணக்கு: 55 ÷ 735, சுமார் 0.075. உங்கள் ஊர் மதியம் 35 டிகிரி என்றால் ஒலி வேகம் 352. ரயில் நொடிக்கு 26 மீட்டர் சொச்சம், மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர். அசல் சுருதி சராசரி அல்ல. சராசரி எடுக்க வேண்டியது இடைவெளிகளை. அதிலிருந்து சுருதிக்குத் திரும்பினால் 365.4 வரும்.

ஆனால் அந்த இடத்தில் 110 போகும் என்று கேட் கீப்பர் சொன்னாரே? (அதே நபர்)

அவர் சொன்னது அனுமதித்த வேகமாக இருக்கலாம், அன்று ரயில் நிதானமாகப் போயிருக்கலாம். அல்லது வழுக்கல் முடியும் முன்பே ஹாரன் நின்றிருந்தால் 340 கடைசி மதிப்பு அல்ல, உண்மையில் இன்னும் கீழே போயிருக்கும். அப்படியானால் வேகம் கூடும். ஸ்பெக்ட்ரோகிராமில் கோடு படுக்கையாக ஓடிய பிறகு எடுத்த எண்ணா, சரிந்துகொண்டிருந்தபோது எடுத்ததா என்று பாருங்கள். ரயில் ஹாரனில் ஒரே நேரத்தில் பல கோடுகள் வரும். கடப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டைத்தான் தொடர்ந்தீர்களா என்பதும் சந்தேகம். பதிவைப் பார்க்காமல் என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது, அனுப்புங்கள்.